நாலாம் நம்பர் மேசை

காலை பதினொரு மணிக்கே நாற்காலியக்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. காரணம், முன்பதிவு நோட்டில் இருந்த ஒரு நீலக் கோடு.

அவள் கைப்பட எழுதியிருந்தாள்: 'ஞாயிறு, பன்னிரண்டரை. பெரியவங்க அஞ்சு, கைக்குழந்தை ரெண்டு. ஒரு ஐயாவுக்கு இடுப்பு ஆபரேஷன். நாலாம் நம்பர் மேசை.' அந்த 'நாலாம் நம்பர்' மேல் யாரோ கோடு போட்டு, பக்கத்தில் 'ஜன்னல் சோபா' என்று எழுதியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. நீலப் பேனா வைத்திருக்கிற ஆள் அந்த உணவகத்தில் ஒருத்தன்தான். முதலாளியின் மச்சினன்.

அவளுக்கு 'நாற்காலியக்கா' என்று பெயர் வைத்தது பரிமாறுகிற பையன்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூடத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். யார் வந்தாலும் எங்கே உட்கார வைப்பது என்பது அவள் பாடு. கதவைத் திறந்து உள்ளே வருகிற ஆளைப் பார்த்ததுமே, அவருக்கு எந்த நாற்காலி, எந்தப் பக்கம் என்று அவள் கண் போய்விடும். "அக்கா, உங்களுக்குக் கனவுலயும் நாற்காலிதானா?" என்று கிண்டல் செய்வார்கள். "உன் கல்யாணத்துக்கு வந்தா, உன் மாமியாரை எங்க உக்கார வைக்கணும்னு நான் சொல்றேன் பாரு. அதுல ஒரு வருஷம் உனக்கு நிம்மதி" என்பாள்.

மச்சினன் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முதலாளிக்கு முதுகுவலி. "கொஞ்ச நாள் பார்த்துக்கோ" என்று ஒப்படைத்திருந்தார். பார்த்துக்கொள்ளச் சொன்னால் மாற்றிக்கொண்டே இருந்தான். ஜன்னலோரம் இருந்த மேசைகளை எடுத்துவிட்டுத் தாழ்வான, புசுபுசுவென்ற சோபாக்கள் போட்டான். உட்கார்ந்தால் முட்டி முகத்துக்கு வரும். மெனு அட்டை கறுப்பில் தங்க எழுத்து. அதுவும் எறும்பு சைஸில். கை வைத்த நாற்காலிகளை "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று பாலிஷ் போட அனுப்பிவிட்டான். இன்னும் திரும்பி வரவில்லை.

நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவன் மேசைக்குப் போனாள்.

"தம்பி, இது யாரு அடிச்சது?"

"சார்னு கூப்பிடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" அவன் போனில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தான். நாலாம் நம்பருக்கு என் ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க. மேல புது விளக்கு போட்டிருக்கோம்ல. அதுக்குக் கீழ உக்காந்து போட்டோ எடுத்துப் போட்டா நமக்கு விளம்பரம்."

"சுவரோரமா இருக்கிற பெரிய மேசை அது ஒண்ணுதான். அந்த ஐயாவை எங்க உக்கார வைக்கிறது?"

"சோபாலதான். வயசானவங்களுக்கு மெத்துன்னு இருந்தாத்தானே நல்லது?"

இதுதான் அவளைச் சுட்டது. இந்த 'மெத்து' என்ன செய்யும் என்பதைப் போன வாரம்தான் கண்ணால் பார்த்தாள். ஒரு வயசான அம்மா அந்த சோபாவில் உட்கார்ந்து நன்றாகத்தான் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது முடியவில்லை. முன்னால் சாய்ந்து பார்த்தார். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார். கடைசியில் பரிமாறுகிற இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டே அழுதுவிட்டார். அந்தக் குடும்பம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். இனி வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"தம்பி, இடுப்பு மூட்டு மாத்தி ஆறு வாரம்தான் ஆச்சு அவருக்கு. முட்டி இடுப்புக்கு மேல போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். அந்த மருமகப்பொண்ணு போன்ல எங்கிட்ட ரெண்டு தடவை கேட்டுச்சு. உசரமான நாற்காலி, கை வெச்சது, கட்டாயம் இருக்கும்மான்னு நான் வாக்கு குடுத்திருக்கேன். அந்த சோபால உக்காந்தா மூட்டு நழுவிரும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. அஞ்சு பேருக்கு ஒரு சோபா போதும்."

"அஞ்சு இல்ல, ஏழு."

"கைக்குழந்தைக்கெல்லாம் ஒரு சீட்டா?"

"குழந்தை நாற்காலி பெரியவங்க நாற்காலியை விட அதிக இடம் அடைக்கும். வந்து அளந்து பாருங்க. அதைக் கணக்குல எடுக்கலேன்னா கடைசியில நடைபாதையிலதான் வைக்கணும். நடைபாதையில யாரு வருவா? கொதிக்கிற சூப்பைத் தூக்கிட்டு நெட்டை வருவான்."

"அக்கா," இப்போதுதான் அவன் தலையைத் தூக்கினான். சிரித்தான். "நீங்க ரொம்ப டென்ஷன் ஆவுறீங்க. போய்த் தண்ணி குடிங்க."

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. மாடி சாமான் அறைக்குப் போனாள். பின்னாலேயே நெட்டையையும் கூப்பிட்டுக்கொண்டாள். நெட்டை பரிமாறுகிறவர்களில் மூத்தவன், பிள்ளைகுட்டிக்காரன். எந்தக் கதவிலும் குனியாமல் நுழைந்ததே இல்லை.

அறையில் மூலையில், ஒரு மூட்டைக்குப் பின்னால், கை வைத்த நாற்காலி ஒன்று மட்டும் கிடைத்தது. பாலிஷுக்குப் போகாமல் தப்பியது. அவள் அதில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி எழுந்து பார்த்தாள். ஆடவில்லை. "இது போதும். இறக்கு."

குழந்தை நாற்காலிகள் நாலும் சுவரோரம் வரிசையாக நின்றன. பளபளவென்று துடைத்திருந்தார்கள். ஒன்றைத் தூக்கியபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"டேய், பெல்ட் எங்கடா?"

நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேக்குறேன்ல?"

"சார் கத்திரிக்கோலால வெட்டிட்டாரு அக்கா. கறை போகலையாம். பார்க்க அசிங்கமா இருக்காம்."

இடுப்புக்கும் கால் இடுக்குக்கும் வருகிற நாடாக்கள். அடியோடு வெட்டியிருந்தது. சிறு நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. மூன்று நாற்காலியில் அப்படி. நாலாவது மட்டும் கழுவுமிடத்தில் காய்ந்துகொண்டிருந்ததால் அவன் கண்ணில் படவில்லையாம். நெட்டைதான் பிறகு கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

அவள் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். "கறை போகலேன்னா வேற பெல்ட் வாங்கிப் போடணும். கார்ல கறை பட்டா பிரேக்கை வெட்டுவானா இவன்?"

"முன்னாடி அந்தத் தட்டு இருக்கே அக்கா, அது பிடிச்சுக்கும்னு சொன்னாரு."

"தட்டு கிண்ணத்தைத்தான் பிடிக்கும். பிள்ளையைப் பிடிக்காது. வழுக்கிட்டு அடியில போயிரும், இல்ல எழுந்து நின்னு தலைகீழா விழும். பெல்ட்டுதான் பிடிக்கும்." அவள் மூன்றையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். "இந்த மூணும் கீழ வரக்கூடாது. ஒண்ணு போதும். சமாளிச்சுக்கலாம்."

மணி பன்னிரண்டு. அடுத்தது சமையலறை. அங்கே மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற தலைமைச் சமையல்காரர், உலகத்தின் மீதே சலித்துக்கொள்கிறவர், பெரிய குண்டானைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், உப்பு போடறதுக்கு முன்னாடி சூப்புல ரெண்டு கிண்ணம் தனியா எடுங்க. ஒரு ஐயாவுக்கு உப்பு கம்மி. குழந்தைக்குக் காரமும் வேண்டாம். மிளகு கூட வேண்டாம்."

"புது மெனுவுல அரை அளவு கிடையாது, குழந்தை சாப்பாடு கிடையாதுன்னு அந்த மகராசன் எழுதி ஒட்டியிருக்கான், பார்த்தியா?"

"பார்த்தேன். நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"எனக்கு கண்ணு மங்கல். அவன் எழுத்து அவ்வளவு சின்னது. ஒண்ணும் தெரியல." குண்டானில் இருந்து இரண்டு கிண்ணம் தனியே எடுத்து வைத்தார். "உருளைக்கிழங்கு மசிச்சது, மீன் முள்ளு எடுத்தது, குழைஞ்ச சோறு. போதுமா? பொடிசுங்களுக்கு முதல்ல அனுப்புறேன். அழுக ஆரம்பிச்சா பெரியவங்க எவனும் சாப்பிட முடியாது."

"ஆறவெச்சு அனுப்புங்க."

"எனக்கே சொல்றியா? மூணு பெத்தவன்டி நான்."

"பெத்தது உங்க பொண்டாட்டி."

மாஸ்டர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் நாலாம் நம்பர் மேசைக்கு வழி தெரியவில்லையே. அதை யோசித்தபடியே கூடத்துக்குத் திரும்பினாள்.

குடும்பம் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது.

மச்சினனின் நண்பர்கள் நாலு பேர் நாலாம் நம்பரில் விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் குடும்பத்தைத் தானே அழைத்துப்போய் ஜன்னலோரம் நிறுத்தியிருந்தான். மருமகள் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டு, பையைத் தேடிக்கொண்டிருந்தாள். மகள் இடுப்பில் இன்னொரு குழந்தை துள்ளிக்கொண்டிருந்தது. மகனும் மருமகனும் குடையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் தன் நாலு கால் ஊன்றுகோலைத் திருப்பி, சோபாவுக்கு முதுகைக் காட்டி, மெல்லக் குனிந்து கொண்டிருந்தார்.

"உக்காராதீங்க!"

அவள் கத்திய கத்தலில் கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. பெரியவர் பாதி குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்தார். நல்ல உயரம். காது வரை சிவந்திருந்தது.

"யாரும்மா நீ? யாரைப் பார்த்துக் கத்துற?"

"ஐயா, அது வந்து..."

"ஆறு வாரமா வீட்டுல இதே பாட்டுதான். உக்காராதே, குனியாதே, திரும்பாதே. இன்னைக்குத்தான் மொத தடவை வெளிய கூட்டிட்டு வந்தாங்க. இங்கயும் ஆரம்பிச்சாச்சா? நான் இங்கதான் உக்காருவேன். என்ன ஆகுதுன்னு பார்க்கலாம்."

"மாமா, வேண்டாம் மாமா," என்றாள் மருமகள்.

"பார்த்தீங்களா சார்," என்றான் மச்சினன் பணிவாக, "எங்க ஸ்டாஃப் கொஞ்சம் அப்படித்தான். நீங்க வசதியா உக்காருங்க."

அவளுக்கு அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்கலாம் போல இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாகத் தன் மேலேயே கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக எல்லோருக்கும் அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: உட்கார வைத்தது தெரியாமல் உட்கார வைக்கணும். காது கேட்காதவரிடம் 'காது கேட்காதவங்களுக்கு இந்தப் பக்கம்' என்று சொல்லக்கூடாது. ஸ்பீக்கர் இல்லாத பக்கமாக நாற்காலியை இழுத்துவிட்டால் போதும். அப்படிப்பட்டவள், இத்தனை பேர் முன்னால் ஒரு மனுஷரை நோயாளியாக்கிவிட்டாள். போன வாரம் சோபா அந்த அம்மாவுக்குச் செய்ததை இந்த வாரம் தன் வாய் செய்துவிட்டது.

பெரியவர் மறுபடியும் சோபாவைத் திரும்பிப் பார்த்தார். வீம்புக்கே உட்கார்ந்துவிடுவார்.

அவள் அவரிடம் போகவில்லை. நேரே நாலாம் நம்பருக்கு, நண்பர்களிடம் போனாள்.

"தம்பிங்களா, போட்டோ எடுக்கவா வந்திருக்கீங்க?"

"ஆமா அக்கா." ஒருவன் போனைக் காட்டினான். "ஆனா எல்லார் மூஞ்சியும் கறுப்பா வருது."

"வராம? விளக்கு நேரா உச்சந்தலைக்கு மேல. கண்ணுக்குக் கீழ நிழல் விழுது, நாலு நாள் தூங்காதவங்க மாதிரி. அதோ ஜன்னல் பக்கம் பாருங்க. வெளிச்சம் நேரா மூஞ்சியில விழும். புது சோபா வேற."

நாலு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். போனை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது.

"மச்சி, நாங்க அங்க போறோம்டா!" என்று ஒருவன் கத்தினான்.

மச்சினனின் விருந்தாளிகள் தாங்களாகவே தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் அவன் என்ன செய்வான்?

நெட்டைக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் கை வைத்த நாற்காலியை எடுத்துவந்து, மேசையின் தலைப்பக்கம் போடாமல், அவள் சொல்லிக்கொடுத்தபடி நடுவில் நிறுத்தினான். இப்போதுதான் அவள் பெரியவரிடம் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஐயா, கத்தினது தப்பு. அதுக்கு நீங்க என்னைத் திட்டிக்கலாம். ஒரு கேள்வி. கை வெச்ச நாற்காலி எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உங்க குடும்பத்துல அதை யாருக்குப் போடட்டும்?"

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். மருமகன் அப்பாவியாக, "எனக்குக் கூட..." என்று ஆரம்பித்தான்.

"உனக்கென்ன வயசு? சும்மா இரு," என்றார் பெரியவர். "எனக்குத்தான் போடு."

"தலைப்பக்கம் போடட்டுமா?"

"தலைப்பக்கம் எதுக்கு, சாமி சிலை மாதிரி? பேரப்பசங்க பக்கத்துல போடு."

"அங்கதான்யா இருக்கு."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பெரியவர் ஊன்றுகோலை விட்டு, காலின் பின்பக்கத்தால் நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகளில் வைத்து, ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டியபடி உட்கார்ந்தார். யாரும் பிடிக்கவில்லை. ஊன்றுகோல் நடைபாதையை மறிக்காமல், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் நெட்டை அதைச் சுவரோரம் நிறுத்தினான்.

பெல்ட் வைத்த ஒரே குழந்தை நாற்காலியைச் சுவர் மூலையில் போட்டாள். பரிமாறுகிறவர்கள் வருகிற பக்கம் இல்லாமல், தாய்க்கும் சுவருக்கும் நடுவில். மேசைத் துணியின் நுனி குழந்தையின் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்து மடித்துவிட்டாள்.

"நாற்காலி ஒண்ணுதான்மா இருக்கு இன்னைக்கு. தப்பு எங்களோடது. சின்னது தூங்குதுல்ல? பெரிய பொடிசு முதல்ல உக்காந்து சாப்பிடட்டும். சின்னது முழிச்சதும் மாத்திக்கலாம். சாப்பாடு ரெண்டு நிமிஷத்துல வந்துடும்."

"அதனால என்ன, பரவால்லம்மா," என்றாள் மருமகள். முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது.

கறுப்பு அட்டையை யாரும் படிக்கவில்லை. கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பழைய மெனுவை எடுத்துவந்து பெரியவர் முன்னால் வைத்தாள். பெரிய எழுத்து. அவர் கண்ணாடியைத் தேடாமலே படித்தார். "மீன் இருக்கா? முள்ளு எடுத்துத் தருவீங்களா? எடுக்காமலா? ரெண்டும் உண்டா? எடுத்தே குடு. பல்லு என்னோடது இல்ல."

சாப்பாடும் வந்து, எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று அவள் மூச்சு விட்ட நேரம் மச்சினன் வந்தான். கையில் பளபளப்பான ஒரு குழந்தை நாற்காலி. மாடியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த மூன்றில் ஒன்று.

"மேடம் தெரியாம சொல்லிட்டாங்க," என்று மருமகளிடம் குழைந்தான். "நாற்காலி நிறைய இருக்கு. சின்னவரையும் உக்கார வைங்க."

தூங்கிக்கொண்டிருந்த குழந்தை சத்தத்தில் விழித்து முழித்தது. மருமகள் எழுந்து, குழந்தையை அதில் இறக்கப் போனாள்.

நாற்காலியக்கா அதன் முதுகைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இந்தத் தடவை கத்தவில்லை. நாற்காலியைச் சாய்த்து, வெட்டுப்பட்ட நாடா நுனிகளைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்கம்மா. கறை இருந்துச்சாம், வெட்டிட்டாங்க. இதுல குழந்தை உக்கார முடியாது."

மருமகள் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள். பெரியவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரு வெட்டினது?" என்றார்.

மச்சினன் முகம் வெளுத்தது. "அது... ஒரு சின்ன..."

"கத்திரிக்கோல் பிடிக்கத் தெரிஞ்ச கையில மூளையையும் கொஞ்சம் குடுத்திருக்கலாம்," என்றார் பெரியவர். "நீ போப்பா. சாப்பாடு ஆறுது."

மச்சினன் அவள் காதுக்கு அருகில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "விருந்தாளிங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டல்ல? இன்னைக்கோட நீ போயிரு."

"போறேன். இந்த மேசை எழுந்திருச்சதும்."

மேசை எழுந்திருக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பெரிய பொடிசு சாப்பிட்டு முடிந்ததும், அவளே நாற்காலியைத் துடைத்து, பெல்ட்டைச் சின்னதின் அளவுக்கு இறுக்கிப் போட்டாள். அந்த நேரம் முழுக்க அவள் கோபம் அடங்கவே இல்லை. கை மட்டும் நிதானமாக வேலை செய்தது. தட்டு எடுக்கும்போதும், தண்ணீர் ஊற்றும்போதும், மனதுக்குள் வெட்டுப்பட்ட அந்த நாடா நுனிகளே நின்றன.

ஜன்னல் பக்கம் போட்டோ முடிந்து நண்பர்கள் கிளம்பினார்கள். அதில் ஒருவன் நல்ல வாட்டசாட்டம். இரண்டு தடவை முன்னால் சாய்ந்து பார்த்தான். சோபா விடவில்லை. "மச்சி, கையைக் குடுடா!" மச்சினன் இழுத்தான். நண்பன் வந்தான், கூடவே மேசையிலிருந்து தண்ணீர் கிளாசும் வந்தது. நெட்டை சிரிப்பை அடக்கத் துடைப்பத்தைத் தேடிக்கொண்டு போனான்.

அதே நேரம் பெரியவர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். காலை முன்னால் நீட்டினார். இரண்டு கையையும் ஊன்றி, ஒரே எழுச்சியில் எழுந்து நின்றார். மகன் பாதி எழுந்து கை நீட்டினான். "தொடாதே," என்றார் பெரியவர். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, கூடத்தில் எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, வாசல் வரை நடந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வாசலில் நின்று, "அடுத்த மாசம் வருவேன்," என்றார் அவளிடம். "அப்பவும் கத்துவியா?"

"நீங்க சோபால உக்காரப் போனா கத்துவேன்."

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் உள்ளே வந்து இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தாள். மாடியில் இருந்த மற்ற இரண்டு நாற்காலிகளையும் இறக்கிவரச் சொல்லி, மூன்றையும் மச்சினன் மேசைக்கு முன்னால் வரிசையாக வைத்தாள்.

"முதலாளிக்கு நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?" என்றாள். "போகச் சொன்னீங்க, போறேன். ஆனா எதுக்குன்னு அவருக்கு இந்த மூணையும் காட்டிட்டுத்தான் போவேன். சோபாவையும் தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போவேன்."

அவன் வாயைத் திறக்கும் முன் கல்லா மேல் இருந்த போன் அடித்தது. முன்பதிவுப் போன். அவன் கை நீட்டவில்லை. மூன்றாவது மணியில் அவள் எடுத்தாள்.

"சொல்லுங்க... எத்தனை பேர்?... கைக்குழந்தை இருக்கா? நடக்கக் கஷ்டப்படுறவங்க யாராவது?... வீல்சேர் உள்ள வரைக்கும் வரும்மா, வாசல்ல படி கிடையாது. ஒரு பக்கம் நாற்காலியை எடுத்துட்டு வீல்சேரை அப்படியே மேசையில சேர்த்துக்கலாம்..." நோட்டை இழுத்து எழுதினாள். 'செவ்வாய், ஒரு மணி. நாலாம் நம்பர் மேசை.' பேனாவை அவ்வளவு அழுத்தினாள், அடுத்த மூன்று பக்கத்துக்கும் பதிந்தது.

போனை வைத்துவிட்டு, நோட்டை அவன் பக்கம் திருப்பி, அவனுடைய நீலப் பேனாவை எடுத்து மேலே வைத்தாள்.

"அடிக்கணும்னா என் கண்ணு முன்னால அடிங்க தம்பி."

அவன் நோட்டைப் பார்த்தான். முன்னால் நிற்கிற மூன்று நாற்காலிகளைப் பார்த்தான். பேனாவைத் தொடவில்லை. "சார்" என்று திருத்தவும் இல்லை.

அவள் அங்கேயே நின்றாள்.